பேசினாலும் துண்டிப்பு, பேசாவிட்டாலும் துண்டிப்பு: அல்சூர் வீடு ஒன்றுக்கு வந்த ஊமை அழைப்புகள்

பின்னணி

பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் வீட்டில் இருப்பது அறுபதைக் கடந்த அம்மா மட்டும்தான். 2025-ஆம் ஆண்டின் நடுவில் அவருடைய கைபேசிக்கு 080-இல் தொடங்கும் ஓர் எண்ணிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. எடுத்தால் மறுமுனையில் ஒன்றும் கேட்காது. சில விநாடிகளில் இணைப்பு அறுந்துவிடும். ஒரே நாளில் மூன்று, நான்கு முறைகூட வந்ததுண்டு.

வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று திருடர்கள் வேவு பார்க்கிறார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். குரலைப் பதிவு செய்து வங்கியை ஏமாற்றுவார்கள், நீங்கள் முதலில் வாயைத் திறக்காதீர்கள் என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது அறிவுரையை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டார். அது நிலைமையை எப்படி மோசமாக்கியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மகன் அந்த எண்ணைத் திரும்ப அழைத்தபோது ஒரு பதிவுக் குரல் வந்தது. வீட்டில் மாட்டியிருந்த தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியின் நிறுவனப் பெயரைச் சொல்லி, சேவைக்கு ஒன்றை அழுத்துங்கள் என்றது. திருடர் கதை அதோடு முடிந்தது. விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்பவர்களுக்கான டிஎன்டி பட்டியலில் அம்மாவின் எண் பதிவாகியிருந்தும் அழைப்புகள் வந்ததற்குக் காரணம், அவர் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்பதுதான். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகிறது என்று நினைவூட்டுவதைச் சேவை அழைப்பு என்று நிறுவனம் கணக்கில் வைத்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பது சேவையா விற்பனையா என்பது வேறு வழக்கு.

மகன் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தார். நிறுவனத்துக்காக அழைப்புகளைச் செய்து தருவது பொம்மனஹள்ளியில் உள்ள ஒரு கால் சென்டர். அங்கே தமிழ் பேசும் ஏஜென்டுகள் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு, பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் உள்ள வாடிக்கையாளர்களை அழைக்கிறது. எண்களைத் தானாக அழைத்து ஏஜென்டுகளோடு இணைக்கும் மென்பொருள்தான் டயலர். அதன் அமைப்புகளைப் பார்த்துச் சரிசெய்வது என் தொழில். புகார் வந்த பிறகு அந்த மையத்தின் பொறுப்பாளர் என்னை அழைத்தார். எங்கள் டிராப், அதாவது எடுத்தவரோடு பேச ஆள் இல்லாமல் அறுந்துபோகும் அழைப்பு, மூன்று சதவீதத்துக்குள்தான் இருக்கிறது, ஊமை அழைப்பு எங்களிடமிருந்து போக வாய்ப்பே இல்லை என்பது அவருடைய முதல் பேச்சு.

வீட்டுப் பக்கம் கண்டது

மகன் செய்த ஒரு காரியம் பாதி வேலையை முடித்துவிட்டது. அம்மாவின் கைபேசியில் ஒவ்வொரு அழைப்பும் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை விநாடி நீடித்தது என்பதை ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். கைபேசியின் அழைப்புப் பட்டியலிலேயே இது இருக்கிறது. பெரும்பாலோர் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாளில் இரண்டு கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. பகலில் வந்தவை இரண்டு அல்லது மூன்று விநாடியில் அறுந்திருந்தன. மாலை ஆறு முதல் எட்டு மணிக்குள் வந்தவற்றில் சில ஏழெட்டு விநாடி நீடித்திருந்தன. ஒரே காரணத்தால் வரும் துண்டிப்பு எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழும், ஏனென்றால் துண்டிப்பது ஒரு கடிகாரம். கால அளவு இரண்டாகப் பிரிந்தால் கடிகாரமும் இரண்டு.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு. ஏஜென்ட் மறுமுனையில் ‘ஹலோ, ஹலோ’ என்று பேசிக்கொண்டே இருப்பார், பிணையக் கோளாறால் குரல் ஒரு பக்கம் மட்டும் போகாது. அப்படியானால் அழைப்பு பத்து, இருபது விநாடி இழுக்கும். ஏஜென்டின் பொறுமையைப் பொறுத்து நேரமும் மாறும். இங்கே அப்படி ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்தப் பக்கம் போகவே இல்லை.

மையத்தில் கண்டது: முதல் கடிகாரம்

அம்மாவின் எண்ணை டயலரில் தேடியதும் வரிசையாக ஒரே நிலைக் குறியீடு வந்தது: AA. தானாகக் கண்டறியப்பட்ட ஆன்சரிங் மெஷின் என்று அதற்குப் பொருள். அதாவது அந்த அம்மா ஒரு குரல் பதிவுக் கருவி என்று டயலர் பல வாரங்களாக நம்பிக்கொண்டிருந்தது.

ஆன்சரிங் மெஷினைக் கண்டறியும் நிரல் சொற்களைப் புரிந்துகொள்வதில்லை. ஒலி எவ்வளவு நேரம், அமைதி எவ்வளவு நேரம் என்று மட்டும் அளக்கிறது. மனிதர் போனை எடுத்தால் ‘ஹலோ’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார், கருவியோ நீளமாகப் பேசும் என்பதுதான் அதன் மொத்த அறிவு. இந்த மையத்தின் டயலர் ஆஸ்டெரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் ஓடுவது. அதன் `amd.conf` கோப்பில் இப்படி இருந்தது. எண்கள் மில்லி விநாடியில். சொற்களின் எண்ணிக்கையும் கடைசி வரியான ஒலி வரம்பும் மட்டும் விலக்கு.

```
total_analysis_time = 5000
initial_silence = 2500
greeting = 1500
after_greeting_silence = 800
maximum_number_of_words = 3
silence_threshold = 256
```

போனை எடுத்த பின் இரண்டரை விநாடி வரை ஒலியே இல்லையென்றால் `MACHINE`. பேச்சு ஒன்றரை விநாடிக்கு மேல் இடைவிடாமல் நீண்டாலும் `MACHINE`. சொல்லைப் போன்ற ஒலித்துண்டுகள் மூன்று வந்துவிட்டால் அதுவும் `MACHINE`. சுருக்கமாக ஒன்றிரண்டு சொல், அதன் பின் 0.8 விநாடி அமைதி, இப்படி அமைந்தால் மட்டுமே `HUMAN`. (ஒழுங்காக ஆள் பேசும் விளம்பர அழைப்பிலும் நாம் ‘ஹலோ’ சொன்னபின் ஒரு சிறு வெறுமை வருகிறதே, அந்த 0.8 விநாடி இங்கேதான் செலவாகிறது.) `MACHINE` என்று முடிவானதும் டயலர் இணைப்பை அறுத்துவிடும். ஏஜென்டின் திரைக்கு அது போகவே போகாது.

தொடக்கத்தில் அந்த அம்மா போனை எடுத்தால் ‘ஹலோ... யாருங்க பேசறது, யார் வேணும்?’ என்று ஒரே மூச்சில் கேட்பாராம். மூன்று சொல்லைத் தாண்டிவிட்டது, கருவி. பிறகு அறிவுரை கேட்டு வாயைத் திறக்காமல் காதில் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டரை விநாடி அமைதி, மறுபடியும் கருவி. ஊமை அழைப்புக்குப் பயந்து ஊமையாக இருந்ததால் அடுத்த ஊமை அழைப்பு உறுதியானது. AA என்று முடிந்த எண்ணை இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் முயல வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை வரை முயலலாம் என்று கேம்பெய்னில், அதாவது டயலரில் அமைத்த அழைப்புத் திட்டத்தில், விதி இருந்தது. கருவிதானே, பிறகு ஆள் எடுக்கலாம் என்ற எண்ணம்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். டயலரை நிறுவியவர் முன்பு அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக ஓடிய ஒரு கேம்பெய்னை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். அமெரிக்காவில் அழைப்புகளில் பெரும்பங்கு வாய்ஸ்மெயிலில் போய் விழும். அங்கே இந்த வடிகட்டிக்கு ஒரு தேவை இருக்கிறது. நம் நாட்டில் வாய்ஸ்மெயில் வைத்திருப்பவர் அரிது. ‘நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை’ என்ற அறிவிப்பும் காலர் ட்யூனும், போன் எடுக்கப்படுவதற்கு முன்பே வந்து போகிறவை. அவை ஏஜென்டின் நேரத்தைத் தின்பதில்லை. ஆக, இங்கே இந்த வடிகட்டி வடிகட்டுவது பெரும்பாலும் மனிதர்களைத்தான்.

இது ஊகமாக நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு நாள் மட்டும், வடிகட்டிக்கு முன்பே ஒலிப்பதிவு தொடங்கும்படி மாற்றினோம். சாதாரணமாக AA அழைப்புகளுக்குப் பதிவே இருக்காது, அதனால்தான் யாரும் இதுவரை கேட்டதில்லை. அந்த நாளின் AA பதிவுகளை நானும் டீம் லீடரும் உட்கார்ந்து கேட்டோம். குரல் அஞ்சல் என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணும் அளவே. மீதியெல்லாம் மனிதர்கள். ‘ஆ, சொல்லுங்க சொல்லுங்க’ என்று தொடங்கும் கடைக்காரர்கள். தொலைக்காட்சி ஓடும் வீடுகள், பேருந்துக்குள் இருப்பவர்கள். பின்னணி இரைச்சலையும் நிரல் பேச்சாகவே எண்ணுகிறது. சும்மா எடுத்துக் காத்திருந்தவர்களும் நிறைய. டீம் லீடர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மையத்தில் கண்டது: இரண்டாவது கடிகாரம்

மாலையில் வந்த ஏழெட்டு விநாடி அழைப்புகள் வேறு குறியீட்டில் இருந்தன: DROP. இங்கே அந்த அம்மா சரியாக மனிதர் என்றே அடையாளம் காணப்பட்டிருக்கிறார். மாலையில் மகன் வீட்டில் இருக்கும்போது அவர் துணிந்து ‘ஹலோ’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆனால் பேச ஏஜென்ட் இல்லை. ஐந்து விநாடி காத்திருந்து, யாரும் விடுபடாததால் டயலர் இணைப்பை அறுத்தது. அடையாளம் காண இரண்டு விநாடி, காத்திருப்பு ஐந்து விநாடி. தாளில் இருந்த ஏழுக்குக் கணக்கு சரியாக வந்தது.

ஏஜென்ட் இல்லாமலே ஏன் அழைக்கிறது? கையால் எண்ணை அழுத்தி அழைத்தால் ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி மணியடிப்பதைக் கேட்பதிலேயே போய்விடும். பத்துப் பேரை அழைத்தால் மூன்று பேர்தான் எடுப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, டயலர் முன்கூட்டியே ஓர் ஆளுக்கு மூன்று அழைப்பு வீதம் போடுகிறது. ஒருவர் எடுக்கும் நேரத்தில் ஒரு ஏஜென்ட் பேச்சை முடித்திருப்பார் என்று கணிக்கிறது. கணிப்புத் தவறும்போது மிஞ்சுகிறவர் காதில் அமைதி. ஏஜென்ட் சும்மா இருக்கும் நேரத்தைக் குறைப்பதற்கான விலையை அழைக்கப்பட்டவர் கொடுக்கிறார்.

இந்தத் தவறு எவ்வளவு சுலபம் என்பதற்கு மையத்தின் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேரில் நால்வர் காத்திருக்கிறார்கள், டயலர் பன்னிரண்டு அழைப்பு போடுகிறது. பத்தில் மூன்று பேர் எடுப்பார்கள் என்றால் சராசரியாக 3.6 பேர், நான்கு ஏஜென்டுக்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது ஒவ்வொரு முறையும் நடப்பதல்ல. நான்குக்கு மேல் எடுத்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம். எடுத்தவர்களில் எட்டில் ஒருவருக்கு உடனே ஆள் கிடைக்காது. இதே விகிதத்தில் நாற்பது ஏஜென்டுகளுக்கு 120 அழைப்பு போட்டால், ஆள் கிடைக்காதவர்கள் இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடுவார்கள், ஏனென்றால் கூட்டம் பெருகும்போது ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். நூறு பேர் உட்காரும் தளத்துக்குச் சரியாக இருக்கும் வேகம் பன்னிரண்டு பேர் குழுவுக்குப் பொருந்தாததன் காரணம் இதுதான். அதோடு மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள் போனை அதிகமாக எடுப்பார்கள். பத்தில் நாலரை என்று ஏறிவிட்டால், அதே பன்னிரண்டு அழைப்பில் நால்வருக்கு மேல் எடுக்கும் வாய்ப்பு 70 சதவீதம்.

அப்படியானால் பொறுப்பாளர் சொன்ன மூன்று சதவீதம்? அதுவும் பொய்யில்லை. திரையில் தெரிந்தது நாள் முழுவதற்குமான சராசரி. பகலில் ஏஜென்டுகள் வெறுமனே காத்திருந்த மணிகள், மாலையில் ஏறிய டிராப்பை மூடி மறைத்தன. அதைவிடப் பெரியது, AA என்று அறுந்த மனிதர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. கருவி என்று பெயரிடப்பட்டவருக்கு டிராப் கிடையாது. அந்த மூன்று என்ற எண்ணே அமெரிக்க விதியிலிருந்து வந்தது. அங்கே மனிதர் எடுத்த அழைப்புகளில் மூன்று சதவீதத்துக்கு மேல் கைவிடக்கூடாது, அவர் பேசி முடித்த இரண்டு விநாடிக்குள் ஆளோடு இணைக்க வேண்டும். மென்பொருள் அந்த வரம்பை இயல்பாகவே வைத்திருக்கிறது. மனிதரைக் கருவி என்று எண்ணிவிட்டால் வகுக்கும் எண்ணும் தவறு, வகுபடும் எண்ணும் தவறு.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் ஆன்சரிங் மெஷின் கண்டறிதலைத் தமிழ்க் கேம்பெய்னில் முழுதும் நிறுத்தினோம். `greeting` அளவைக் கூட்டி, சொற்களின் வரம்பை உயர்த்தினால் போதாதா என்று நிறுவியவர் கேட்டார். போதாது. நீளப் பேசுகிறவருக்காக அளவைக் கூட்டினால் எல்லோருக்கும் தீர்ப்பு தாமதமாகும், அமைதியாக இருப்பவரின் பிரச்சினை அப்படியே இருக்கும். வடிகட்ட வேண்டிய பொருளே இல்லாத இடத்தில் வடிகட்டியைச் செப்பனிடுவதில் அர்த்தமில்லை.

அடுத்து வேகம். காத்திருக்கும் ஏஜென்டுகளை மட்டும் எண்ணி, பகலில் ஆளுக்கு ஒன்றரை அழைப்பு, மாலை ஆறு மணிக்கு மேல் ஆளுக்கு ஒன்று என்று அமைத்தோம். பொறுப்பாளருக்கு இதில் மனமில்லை. அவருக்கு நிறுவனத்திடமிருந்து வரும் பணம் ஒரு நாளில் பேசி முடித்த அழைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மாலை நேரத்தில் ஒன்று என்பதற்கு அவர் இறங்கி வந்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018-ஆம் ஆண்டு வணிகத் தொடர்பு ஒழுங்குமுறையைக் காட்டிய பிறகுதான். ஊமை அழைப்போ கைவிட்ட அழைப்போ விளையக்கூடிய ஆட்டோ டயலரைப் பயன்படுத்துகிறவர், அதைத் தொலைபேசி நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், கைவிடும் அழைப்புகளை வரம்புக்குள் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அப்படித் தெரிவித்ததற்கான கடிதம் எதையும் மையத்தில் யாராலும் காட்ட முடியவில்லை. கடிதம் அந்த வாரமே போனது.

மூன்றாவது, அப்படியும் மிஞ்சும் அழைப்புகளுக்கு வெற்று அமைதிக்குப் பதில் தமிழில் ஒரு சிறு பதிவு: நிறுவனத்தின் பெயர், எதற்காக அழைத்தோம், திரும்ப அழைக்க வேண்டிய எண். விற்பனைப் பேச்சு ஒரு சொல்லும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். காத்திருப்பையும் ஐந்திலிருந்து இரண்டு விநாடியாகக் குறைத்தோம்.

நான்காவது மறு அழைப்பு. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்த முறையைப் பின்பற்றினோம். கைவிட்ட எண்ணை 72 மணி நேரத்துக்குள் மீண்டும் அழைப்பதானால், ஓர் ஏஜென்ட் கையோடு காத்திருக்கும் அழைப்பாக மட்டுமே அது இருக்க வேண்டும். டயலர் வேகமாகப் போடும் வரிசையில் அந்த எண் சேரக்கூடாது.

பின் நடந்தவை

பகல் நேர மூன்று விநாடி அழைப்புகள் அன்றே நின்றன, நின்றே ஆக வேண்டும். ஏஜென்டுகளுக்கு முதல் சில நாட்கள் திண்டாட்டம். மறுமுனையில் அமைதி கேட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பழக்கமில்லை, இதுவரை அத்தகைய அழைப்புகள் அவர்களிடம் வந்ததே இல்லை. எடுத்தவர் பேசாவிட்டாலும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும் என்று டீம் லீடர் சொல்லிக்கொடுத்தார். அமைதியாக இருந்தவர்களில் பலர் பெயரைக் கேட்டதும் பேசத் தொடங்கினார்கள்.

அல்சூர் அம்மாவுக்கு ஏஜென்ட் தனியாக அழைத்தபோது அவர் வழக்கம்போல் பேசவில்லை. ‘வணக்கம்மா, வாட்டர் ப்யூரிஃபையர் கம்பெனியிலிருந்து பேசறேன்’ என்றதும் வந்த பதில்: ‘ஓ, நீதானாப்பா அது? இத்தனை நாளா எடுத்தா வெச்சிட்டிருந்தியே!’ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இனி போன் வேண்டாம், மெஷின் கெட்டால் நானே கூப்பிடுகிறேன் என்றார். எண் அழைக்கக்கூடாத பட்டியலில் ஏற்றப்பட்டது. மகன் தொல்லை அழைப்புகளுக்கான புகார் எண்ணான 1909-இல் புகார் பதியத் தயாராக இருந்தார். டிராய் ஒழுங்குமுறையின் 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, அழைப்பு வந்த ஏழு நாளுக்குள் எண், தேதி, என்ன நடந்தது என்ற சிறு குறிப்போடு அதைப் பதியலாம். நிறுவனம் எழுத்தில் விளக்கம் கொடுத்ததால் அவர் மேலே போகவில்லை.

மாலையில் ஏஜென்டுகள் சும்மா இருக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி கூடியது. இதை மறைப்பதில் பயனில்லை. மறுபக்கம், பகலில் முன்பு கருவிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இப்போது ஏஜென்டுகளுக்குக் கிடைத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிட்டதா என்பதில் பொறுப்பாளருக்கும் எனக்கும் ஒத்த கருத்து வரவில்லை. அவர் அழைப்புகளை எண்ணுகிறார், நான் எத்தனை தனித்தனி மனிதர்களோடு பேச்சு முடிந்தது என்று எண்ணச் சொல்கிறேன்.

மாற்ற வேண்டியவை

அறிக்கையில் இரண்டு மாற்றங்கள் நிரந்தரமாக வேண்டும். டிராப் சதவீதத்தை நாள் சராசரியாகக் காட்டாமல் மணிக்கு மணி காட்ட வேண்டும். கண்டறிதல் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கே AA அழைப்புகளில் ஒரு பகுதியை மாதந்தோறும் காதால் கேட்டு, மனிதர் என்று தெரிந்தவற்றை டிராப் கணக்கில் சேர்க்க வேண்டும். கன்னட, தெலுங்கு, இந்திக் குழுக்களில் அந்தப் பழைய நகல் இன்னும் ஓடுகிறது. கன்னடக் குழுவில் நிறுத்த ஒப்புதல் வந்திருக்கிறது, மற்ற இரண்டுக்கும் பேச்சு நடக்கிறது.

வேகத்தை யார் மாற்றலாம் என்பதும் முடிவாகவில்லை. இப்போதைக்கு டீம் லீடரின் திரையிலேயே அந்த எண்ணை மாற்ற முடிகிறது. மாத இலக்கு நெருங்கும் கடைசி நாட்களில் அது மெல்ல ஏறுவதைப் பதிவேட்டில் பார்த்தேன். அந்த உரிமையை நிர்வாகக் கணக்குக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.